வட்டியும் அசலும் ஒரே கட்டத்தில் விழுந்தால்

"மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். ரொக்கம் சரியாக இருக்கிறது. ஒருவருடைய கடன் பாக்கி மட்டும் பாஸ்புக்கில் ஒன்று, பேரேட்டில் ஒன்று. தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அது அவருடைய ஏதோ ஒரு மாத வட்டிக்குச் சமமாக இருந்தால், அவர் தவணையைக் குறைத்துக் கட்டிய மாதத்தைத் தேடிப் போங்கள். அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நான் கணக்கை ஏற்றுக்கொண்ட புதிதில் எங்கள் குழுவிலும் இதே தகராறு. ஓர் அக்கா 10,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, மாதாமாதம் 1,000 அசல். முதல் மாதம் வட்டி 200 சேர்த்து 1,200 கட்டினார். அடுத்த மாதம் 9,000-க்கு வட்டி 180, ஆக 1,180. மூன்றாம் மாதம் 500 ரூபாய்தான் கொண்டுவந்தார். 8,000-க்கு வட்டி 160 போக மீதி 340-ஐ அசலில் கழித்தால் பாக்கி 7,660. பேரேட்டில் அப்படித்தான் இருந்தது. பாஸ்புக்கிலோ முன்பு எழுதியவர் 500-ஐயும் அசலில் கழித்து 7,500 என்று போட்டிருந்தார். கூட்டத்தில் அக்கா பாஸ்புக்கை விரித்து வைத்து, "அந்த 160-ஐ யாருடி தின்னது?" என்று என்னைக் கேட்டார். எழுதியவர் கல்யாணமாகிப் போய்விட்டார், பேச்சு வாங்கியது நான்.

இதையாவது கண்டுபிடித்துவிடலாம். பேரேட்டிலும் 500 அசல் என்றே எழுதியிருந்தால் மாத அறிக்கை அழகாக நேராகிவிடும். கடன் பாக்கியில் 160 குறையும், வட்டி வருமானத்திலும் அதே 160 குறையும், அறிக்கையில் ஒன்றும் தெரியாது. நஷ்டம் மொத்தக் குழுவுக்கு. அதனால் டேலி ஆகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் போன மாதப் பாக்கிக்கு வட்டி போட்டு, வட்டிக் கட்டத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருத்தும்போது பழைய தொகை தெரியும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, உறுப்பினரிடமும் ஊக்குநரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்திலும் ஏறட்டும்.

வட்டி போகத்தான் அசல் என்பது எங்கள் குழுத் தீர்மானம். உங்கள் குழுவில் வேறு மாதிரி முடிவு செய்திருந்தால் அதன்படி போடுங்கள், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். செயலி இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எங்களுக்குக் கொடுத்த செயலியிலும் அசல், வட்டி பிரித்து அடிப்பது நாங்கள்தான்.

அப்புறம், இவ்வளவு எழுதுகிறவளுக்கு ஒரு டீச்செலவு தரக் குழுவுக்கு மனசு வராது. வங்கியில் பணம் எடுக்க ஊக்குநரும் பிரதிநிதியும் கூலியை விட்டுவிட்டுப் போனால், மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க என்கிறார்கள். அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?