‘ஊரெல்லாம் கூடி’ பாட்டு எந்த நூலில் வருகிறது என்று கேட்டு ஒரு கடிதம்

கேள்வி: தாத்தா காரியத்தில், எரித்துவிட்டுக் காவிரியில் குளிக்க இறங்கும்போது ஒரு பெரியவர் ஒரு பாட்டுச் சொன்னார். “ஊரெல்லாம் கூடி அழுது, பேரை எடுத்துட்டுப் பிணம்னு பேரு வச்சு… நீருல முழுகி நினைப்ப விட்டாங்க” என்று வரும். பட்டினத்தார் பாட்டு என்றார். எந்த நூல் என்று ஒரு தமிழறிஞருக்கு எழுதிக் கேட்க வேண்டும். நான் கல்லூரி மாணவன். சின்னதாக எப்படி எழுதுவது?

பெரியவர் சொன்னதைச் செந்தமிழாக்காமல் காதில் விழுந்தபடியே இங்கே எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலும் அதை அப்படியே விடுங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

ஒரு தமிழ்ப் பேராசிரியருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துச் சொல்லும் வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தவன் நான். இந்த மாதிரிக் கடிதம் நிறைய வரும். பலவற்றில் பாட்டே இருக்காது. “துக்க வீட்டில் ஓர் அருமையான பாட்டுப் பாடினார்கள், வாழ்க்கை நிலையில்லாதது என்று பொருள் வரும், எந்த நூல் ஐயா?” என்று மட்டும் இருக்கும். நிலையாமை பேசாத பழைய நூலைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். குறளில் அதற்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. நாலடியாரில் முதல் மூன்று அதிகாரங்களும் அதுதான். பொருளை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எங்கே போய்த் தேடுவார்கள்? இன்னும் சிலர் கேட்டதைத் தாங்களே திருத்தி, இலக்கணமாக்கி அனுப்புவார்கள். அது இன்னும் மோசம். அடையாளம் காட்டக்கூடிய சொல்லைத்தான் முதலில் அழித்திருப்பார்கள்.

உங்கள் துண்டையே எடுத்துக்கொள்வோம். ஊர், பேர், நீர் என்று மூன்று சொல் காதில் நிற்கிறது. மூன்றும் சொல்லின் இரண்டாம் எழுத்தில் ஒத்து வருகின்றன, அதாவது எதுகை. அப்படியானால் இவை மூன்றும் அடிகளின் தொடக்கமாக இருக்க வேண்டும். பேருக்கும் நீருக்கும் நடுவே நீங்கள் புள்ளி வைத்த இடத்தில் ஓர் அடி விழுந்துபோயிருக்கிறது. அதுவும் ரகரத்தில் ஒத்து வரவேண்டும், பொருளில் எரிப்பதைச் சொல்லவேண்டும். பாட்டு இதுதான்:

ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே

திருமூலரின் திருமந்திரம், முதல் தந்திரம், யாக்கை நிலையாமை என்ற பகுதி. பரவலாகக் கிடைக்கும் பதிப்புகளில் 145ஆம் பாட்டு. விழுந்த அடி சூரையங்காடு. சூரை என்பது முட்செடி. இன்றைக்குப் பேச்சில் இல்லாத சொல் என்பதால் பெரியவர் நாக்கிலோ உங்கள் காதிலோ அது நிற்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

சரி, இணையத்தில் தேடினால் கிடைத்திருக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும், ஆனால் தேடத் தெரியவேண்டும். பழைய பாட்டுகளைச் சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். சீர் முடிகிற இடத்தில் சொல் பாதியில் முறியும். மேலே பாருங்கள், ‘நினைப்பொழிந்தார்களே’ என்பது ‘நினைப்பொழிந் தார்களே’ என்று இடைவெளி விட்டு நிற்கிறது. முழுச் சொல்லாகத் தட்டினால் பல பக்கங்களில் அகப்படாது. ‘நினைப்பொழிந்’ என்று முறிந்த துண்டை மட்டும் தட்டினால் அகப்படும். அதேபோல ‘கொண்டு போய்’ என்று பிரித்துத் தேடினால், ஒட்டி அச்சிட்ட ‘கொண்டுபோய்ச்’ நழுவிவிடும். அச்சு நூல் என்றால் பின்பக்கத்தில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். முதல் சொல்லை வைத்து அகர வரிசையில் தேடலாம். சில பதிப்புகளில் ‘ஊரெலாம்’ என்று குறுகியும் இருக்கலாம், இரண்டு இடத்திலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பட்டினத்தார் விஷயம். தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடியவர் என்று ஊரே அறிந்தவர் அவர். அதனால் சுடுகாட்டில் சொல்லப்படும் எந்தப் பாட்டும் அவர் கணக்கில் போய்ச் சேரும். உங்கள் பாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். பட்டினத்தாரின் பெயர்பெற்ற பாட்டு ஒன்று “ஊரும் சதமல்ல உற்றார் சதமல்ல உற்றுப்பெற்ற, பேரும் சதமல்ல பெண்டிர் சதமல்ல” என்று தொடங்கிக் கச்சி ஏகம்பனிடம் போய் முடியும். அங்கும் ஊர், பேர்தான். அதே எதுகை, அதே நிலையாமை. இரண்டையும் சின்ன வயதில் மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒன்றின் பேர் மற்றொன்றில் ஒட்டிக்கொள்வது சுலபம்.

யாப்பைப் பார்த்தால் இரண்டும் வேறு என்பது உடனே தெரியும். திருமந்திரப் பாட்டில் அடிக்கு நான்கு சீர். ஊரெல்லாம், கூடி, ஒலிக்க, அழுதிட்டுப் என்று விரல் விட்டு எண்ணலாம். பட்டினத்தாருடையது கட்டளைக் கலித்துறை, அடிக்கு ஐந்து சீர். ஊரும், சதமல்ல, உற்றார், சதமல்ல, உற்றுப்பெற்ற. இதனால்தான் வரி வரியாகக் கேட்டபடி எழுதச் சொல்கிறேன். அறிஞர் படிக்கும்போதே சீரை எண்ணிவிடுவார், பாதி நூல்கள் அங்கேயே கழிந்துவிடும்.

யார் சொன்னார், எந்த ஊர், காரியத்தின் எந்தக் கட்டத்தில் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் உரலில் சுண்ணம் இடித்துக்கொண்டு பாடினார்கள் என்றால் அறிஞர் நேராகத் திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணத்தைப் புரட்டுவார். வைணவ வீடு என்றால் கை திருவாய்மொழிப் பக்கம் போகும். பெண்கள் மாரடித்து அழுதபடி சொன்னது என்றால் அது ஒப்பாரி. அந்த நேரத்தில் கட்டிச் சொன்னதாகவே இருக்கலாம், எந்த நூலிலும் இருக்காது. உங்கள் விஷயத்தில் குளிக்க இறங்கும்போது சொன்னார் என்பது நல்ல குறிப்பு. நான்காம் அடி அந்த இடத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறதே. யாராவது கைபேசியில் பதிவு செய்திருந்தால் அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி அனுப்புங்கள், முழு வீடியோ வேண்டாம்.

விடைதான் தெரிந்துவிட்டதே, இனிக் கடிதம் எதற்கு? பெரியவர் சொன்னது முழுக்கத் தவறா என்பது இன்னும் பாக்கி இருக்கிறது. சித்தர் பாடல் தொகுப்புகளில் ஒருவர் பாட்டு இன்னொருவர் பேரில் ஏறுவது உண்டு. பட்டினத்தார் பாடல் பதிப்பு எதிலாவது இது நுழைந்திருக்கிறதா என்பது பதிப்புகளோடு பழகியவருக்குத்தான் தெரியும். அறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘இது எந்த நூல்’ என்று மொட்டையாகக் கேட்பதைவிட இதற்குப் பதில் வரவும் வாய்ப்பு அதிகம், தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று தெரியும் அல்லவா. கடிதம் இப்படி இருக்கலாம்:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கல்லூரி மாணவன். என் தாத்தாவின் இறுதிச் சடங்கில், தகனம் முடிந்து காவிரியில் குளிக்க இறங்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு பாட்டைச் சொன்னார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“ஊரெல்லாம் கூடி அழுது, பேரை எடுத்துட்டுப் பிணம்னு பேரு வச்சு… (இங்கே ஒரு வரி பிடிபடவில்லை) நீருல முழுகி நினைப்ப விட்டாங்க.”

அவர் இதைப் பட்டினத்தார் பாட்டு என்றார். தேடியதில் திருமந்திரம், முதல் தந்திரம், யாக்கை நிலையாமைப் பகுதியில் ‘ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டு’ என்று தொடங்கும் பாட்டு இதனோடு ஒத்து வருகிறது.

இந்தப் பாட்டு பட்டினத்தார் பேரில் எந்தப் பதிப்பிலாவது இடம்பெற்றுள்ளதா? அல்லது பெரியவர் நினைவில் இரண்டும் கலந்துவிட்டதாகக் கொள்ளலாமா? குடும்பத்தினர் அச்சிடும் நினைவு மலரில் சரியான பெயரோடு போட விரும்புகிறோம். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
(பெயர், ஊர், தொடர்பு எண்)

இவ்வளவு போதும். அறிஞரின் நூல்களைப் புகழ்ந்து ஒரு பத்தி, தாத்தாவின் அருமை பெருமை ஒரு பத்தி என்று நீட்ட வேண்டாம். அந்தப் பத்திகளைத் தாண்டிக் கேள்வி எங்கே என்று தேடியே எனக்கு அலுத்திருக்கிறது. மின்னஞ்சல் என்றால் பாட்டைப் படமாக இணைக்காமல் உள்ளேயே தட்டச்சு செய்யுங்கள். தபால் என்றால் சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வையுங்கள். வயதானவர்கள் பலர் இன்னும் கையால்தான் பதில் எழுதுகிறார்கள்.

நினைவு மலரில் போடும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள். திருமந்திரத்தில் திரும்ப வரும் பாட்டுகளைச் சில பதிப்பாசிரியர்கள் நீக்கியிருக்கிறார்கள், சிலர் வைத்திருக்கிறார்கள். சில பதிப்புகள் பகுதிக்குப் பகுதி புதிதாக எண் கொடுக்கும். அதனால் 145 என்பது இன்னொருவர் கையில் இருக்கும் நூலில் வேறு பாட்டாக இருக்கலாம். ‘திருமந்திரம், முதல் தந்திரம், யாக்கை நிலையாமை’ என்று போட்டு, எந்தப் பதிப்பைப் பார்த்தீர்களோ அதன் பெயரையும் ஆண்டையும் கீழே சின்னதாகக் கொடுத்துவிடுங்கள். பாட்டை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த நூலைப் பார்த்து எழுதுங்கள், என் பதிலிலிருந்து எடுக்க வேண்டாம்.