போனில் வரும் ‘சரி சார்’

அன்புள்ள அண்ணா,
புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை லேபுக்கு, ஜெனரல் ஷிஃப்ட் என்று சொல்லி ஒரு பெண்ணை இரண்டு சுற்று இன்டர்வியூ செய்தோம். அவரைத்தான் எடுப்பதாக இருந்தோம். இப்போது வேலையைக் கடலூர் சிப்காட்டுக்கு மாற்றி, மூன்று ஷிஃப்ட் என்கிறார்கள். இன்னும் விருப்பமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது?
- பெயர் வேண்டாம், புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

இன்றைக்கே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஆனால் அந்தப் போனிலேயே பதில் கேட்காதீர்கள். கேட்டால் “சரி சார், பரவாயில்லை சார்” என்றுதான் வரும். கைக்கு வந்த வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வரும் வார்த்தை அது, வீட்டில் பேசிய பிறகு மாறும், நீங்கள் மற்றவர்களை அனுப்பிவிட்ட பிறகு சேரும் நாளில் ஆள் வராது. எனக்கே ஒருமுறை சேரும் நாளன்று காலையில்தான் ஊர் மாறியதைச் சொன்னார்கள், பழைய வேலையை விட்டுவிட்டதால் சரி என்றேன், மூன்றே வாரத்தில் விலகினேன். அதனால் போனில் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இருக்கும் வேலையில் ரிசைன் கடிதம் கொடுத்துவிட்டாரா? இல்லை என்றால், எங்கள் கடிதம் கைக்கு வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அவரிடம் பேசுவதற்கு முன் உங்கள் மேலாளரிடம் கம்பெனி பஸ் உண்டா என்று கேட்டுவிடுங்கள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து குடிகாட்டில் இருக்கும் கடலூர் சிப்காட் சுமார் 30 கிலோமீட்டர், கடலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டியிருக்கலாம். இடம் மட்டும் மாறியிருந்தால் சமாளித்துவிடலாம், ஷிஃப்டும் சேர்வதுதான் சிக்கல். எல்லோரும் இரவு ஷிஃப்டைப் பற்றியே கவலைப்படுவார்கள், அதிலாவது விடிந்த பிறகு வீடு திரும்பலாம். இரண்டாவது ஷிஃப்ட் 10 மணிக்கு முடிந்தால் அந்தப் பெண் எப்படி வீடு போவார்? இதற்குப் பதில் இல்லாமல் விருப்பம் கேட்பதில் அர்த்தமே இல்லை. சம்பளம் அதேதானா, ஷிஃப்ட் படி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

அப்புறம் மெயில். இப்படி எழுதலாம்:

“இன்டர்வியூவில் மேட்டுப்பாளையம், ஜெனரல் ஷிஃப்ட் என்று சொன்னோம். இப்போது கடலூர் சிப்காட், வாரம் ஒருமுறை மாறும் மூன்று ஷிஃப்ட். பதவியும் சம்பளமும் மாறவில்லை. ஷிஃப்ட் படி இவ்வளவு, கம்பெனி பஸ் இந்த இடத்திலிருந்து இந்த நேரத்துக்கு. வீட்டில் பேசிவிட்டு வியாழக்கிழமை மாலைக்குள் எழுதுங்கள். வேண்டாம் என்றால், புதுச்சேரியில் அடுத்த இடம் வரும்போது உங்களைக் கூப்பிடுவோம்.”

கடைசி வரியை நிஜமாகவே செய்வீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால், பதிவேட்டில் ‘விண்ணப்பதாரர் விலகினார்’ என்று போடாமல் ‘இடமும் ஷிஃப்டும் மாறியதால் ஏற்கவில்லை’ என்று போடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெயரைப் பார்க்கிறவர், சொன்ன சொல் மாறியவர் என்று அவரை ஒதுக்கிவிடக் கூடாது.