இறால் கிலோ அடக்க விலை: எத்தனை கிலோவால் வகுப்பது?

கேள்வி: மேலூரில் இருக்கிறேன். தொண்டிப் பக்கம் ஒரு ஏக்கர் குளம் குத்தகைக்கு எடுத்து வன்னாமி இறால் விடப் போகிறேன். குஞ்சு ஒன்றரை லட்சம், ஒன்று 45 பைசா. 80 சதவீதம் பிழைத்தால் 50 கவுண்டில், அதாவது கிலோவுக்கு 50 இறால் கணக்கில், 2,400 கிலோ. தீவனம் 3,360 கிலோ, கிலோ 90 ரூபாய். கரண்டும் ஜெனரேட்டர் டீசலும் 70,000. இவை மட்டும் கிலோவுக்கு 183 ரூபாய் வருகிறது. குத்தகை, கூலி, மருந்து எல்லாம் இன்னொரு 1,20,000. கணக்கு சரியா?

பதில்: கூட்டல் சரி. 2,400 கிலோவால் வகுத்ததுதான் இடிக்கிறது. அது குளத்தில் இருக்கும் என்று நீங்கள் நம்பும் எடை. வியாபாரி தராசில் ஏற்றிக் காசு கொடுக்கும் எடை வேறு. அதனால் இறால் எவ்வளவு சாகும் என்பதோடு, எப்போது சாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிழைப்பு 80க்குப் பதில் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15,000 இறால் குறைகிறது, அறுவடை 2,100 கிலோவாக இறங்குகிறது. அவை முதல் பத்து நாளிலேயே செத்திருந்தால் போனது குஞ்சுக் காசு மட்டும்தான். அவற்றுக்கென்று ஒதுக்கிய 420 கிலோ தீவனம் மிச்சமாகும், அடக்கம் 191 ரூபாயில் நிற்கும். அதே 15,000 இறால் எழுபது, எழுபத்தைந்து நாளில், 12 கிராம் எடையில் செத்தால், அதற்குள் ஏறக்குறைய 230 கிலோ தீவனத்தைத் தின்றிருக்கும். அப்போது 201. செத்தது தெரியாமல் பழைய அளவிலேயே தீவனம் போட்டுக்கொண்டிருந்தால் 209.

தெரியாமல் போவதுதான் வழக்கம். செத்த இறால் மிதக்காது. அடியில் கிடக்கும், மற்ற இறால்களே தின்றுவிடும். உங்களுக்குச் சொல்லப் போவது, கொஞ்சம் தீவனம் வைத்துக் குளத்தில் இறக்கும் தட்டான செக் ட்ரேதான். தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மிச்சம் இருந்தால் அடுத்த வேளைத் தீவனத்தைக் குறையுங்கள், அன்றைக்கே வீச்சு வலை போட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். வலையை ஒரே மூலையில் வீசாமல் நாலைந்து இடத்தில் வீசுங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் ஓட்டத்தில் இறால் ஓரிடத்தில் கூடும், எண்ணிக்கை ஏமாற்றும்.

கரண்டை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். இரண்டு எச்.பி. ஏரேட்டர் நாலையும் கடைசி 75 நாளில் இரவுக்கு இரண்டு மணி நேரம் நிறுத்தினால், ஒன்றுக்கு மணிக்கு ஒன்றரை யூனிட் வீதம் 900 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 7,200. ஆனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறையும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் சரியாகத் தின்னாது, தின்றதும் உடம்பில் ஒட்டாது. ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ என்றிருந்த தீவனம் 1.6 ஆனால், 2,400 கிலோவுக்கு 480 கிலோ கூடுதல். அதாவது 43,200 ரூபாய். கரண்ட் பில்லில் கை வைக்காதீர்கள் என்றே சொல்வேன்.

அப்புறம் அறுவடை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் அதிகமாகத் தோலுரிக்கும். அந்த நேரத்தில் பிடித்தால் ஓடு மெத்தென்று இருக்கும், வியாபாரி கழித்துவிடுவார். இல்லையென்றால் உள்ளூர் மார்க்கெட்டுக்கென்று பாதி விலைக்குக் கேட்பார். 2,100 கிலோவில் 5 சதவீதம் அப்படிப் போனால், பாதி விலையில் 52 கிலோவை இழந்த மாதிரி. சேற்றில் தங்குவது ஒரு 28 கிலோ. ஆக, முழு விலை கிடைப்பது 2,020 கிலோவுக்குத்தான். தீவனமும் குறைக்காமல் போயிருந்தால் 183 ரூபாய் 218 ஆகிறது. குத்தகை, கூலி எல்லாம் சேர்த்தால், நீங்கள் நினைத்த 233க்குப் பதில் 277. உங்கள் பேரத்துக்கு இந்த 277ஐ அடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பதற்கு முந்தின நாள் நூறு இறாலை எடுத்து, தலைக்குப் பின்னால் ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஐந்துக்கு மேல் அமுங்கினால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடலாம். அந்தக் கட்டத்தில் ஒரு நாள் தீவனமும் கரண்டும் ஏறக்குறைய 5,000 ரூபாய் ஆகும். இறாலும் நாளுக்கு 20 கிலோ அளவுக்கு எடை கூடும் என்பதால் அந்தச் செலவு திரும்பி வந்துவிடும். ஓரத்தில் சோர்ந்து ஒதுங்கும் இறாலோ, ஓட்டில் வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஓடு மெத்தென்றிருந்தாலும் அன்றைக்கே பிடித்துவிடுங்கள். குளத்துத் தண்ணீரை ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்யாமல் வாய்க்காலில் விடாதீர்கள், பக்கத்துக் குளத்துக்கும் நோய் போய்விடும்.