‘ஹவில்தார்’ என்றால் ஹெச்.ஆருக்கு என்ன புரியும்? சர்வீஸ்காரர்களின் ரெஸ்யூமே: கேள்வி பதில்

பதில் சொல்பவர் ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு கிடங்கு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறார்.

சாப், வணக்கம். 19 வருட சர்வீஸ், ஹவில்தாராக வெளியே வந்தேன். கடைசி 3 வருடம் சி.க்யூ.எம்.ஹெச்., அதாவது எங்கள் கம்பெனி என்ற படைப்பிரிவின் ஸ்டோர் என் பொறுப்பு. ரெஸ்யூமேயில் “சி.க்யூ.எம்.ஹெச். ஆகப் பணி, ஏ அண்ட் க்யூ விஷயங்கள் கவனித்தேன், ரெட் இங்க் என்ட்ரி இல்லை” என்று எழுதி 30 இடத்துக்கு அனுப்பினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கே தப்பு?

வணக்கம். அந்த மூன்றும் எனக்குப் புரிகிறது, என் பக்கத்து மேசையில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றுகூடப் புரியாது. ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்றதும் அவர் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் என்று நினைப்பார். தண்டனை எதுவும் வாங்காமல் சர்வீஸ் முடித்தேன் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது அவரிடம் போய்ச் சேரவில்லை.

சிரிக்க வேண்டாம், எனக்கும் இதே கதிதான். ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர் என்பதைச் சுருக்கி என் முதல் ரெஸ்யூமேயில் ‘ஜே.சி.ஓ.’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். நேர்காணல் செய்தவர் “ஜே.சி.பி. நன்றாக ஓட்டுவீர்களா?” என்று கேட்டார்.

ஹவில்தார் என்பது உங்கள் பதவி. அது நீங்கள் எவ்வளவு மூத்தவர் என்று சொல்லும், என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லாது. வேலையைச் சொல்வது சி.க்யூ.எம்.ஹெச். என்ற பொறுப்பு. ஒரே பட்டாலியனில் ஒரு ஹவில்தார் ஸ்டோர் பார்ப்பார், இன்னொருவர் வண்டிகளைப் பார்ப்பார், மூன்றாமவர் பயிற்சி கொடுப்பார். ஆகவே வேலைப் பெயரைப் பொறுப்பிலிருந்து எடுங்கள். பதவியை அதன் அடுத்த வரியில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எனக்கு நாலு விஷயம் சொல்லுங்கள். எத்தனை பேருக்குப் பொருள் கொடுத்தீர்கள்? எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள்? எத்தனை வகைப் பொருள்? ஆடிட்டில் என்ன ஆயிற்று?

கம்பெனியில் சுமார் 120 பேர் சாப். ஸ்டோரில் என்னோடு 4 ஜவான்கள். லெட்ஜரில் 600 வகைக்கு மேல் இருக்கும். மூன்று ஆடிட் பார்த்தேன், டேக்கிங் ஓவர், ஹேண்டிங் ஓவர் இரண்டும் செய்தேன். ஒருமுறை 14 கம்பளி குறைந்தது, அப்புறம் கிடைத்துவிட்டது. அதை எழுதலாமா? அசிங்கமாக இருக்காதா?

அந்தக் கம்பளியை விட்டுவிடாதீர்கள். எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள்.

கேம்ப்புக்காகப் பக்கத்து கம்பெனிக்குத் தற்காலிக வவுச்சரில் கொடுத்தது. எனக்கு முன்னால் இருந்தவர் லெட்ஜரில் ஏற்றவில்லை. பழைய வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன், இரண்டு நாளில் பிடித்தேன்.

கிடங்கு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவதே இதைத்தான். இருப்பு குறைந்தால் சிலர் கையெழுத்துப் போட்டு மூடிவிடுவார்கள், சிலர் காகிதத்தைத் தேடுவார்கள். நீங்கள் இரண்டாவது வகை. இதை நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் ஒரு வரி போதும்.

நான் எழுதினால் இப்படி இருக்கும்:

*ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், இந்திய ராணுவம் (பதவி: ஹவில்தார்), 3 ஆண்டுகள்*

*120 பேர் கொண்ட பிரிவுக்கான உடை, படுக்கை, கருவிகள் உட்பட 600-க்கு மேற்பட்ட வகைப் பொருள்களின் இருப்பு, வழங்கல், கணக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பு. 4 பேர் கொண்ட குழுவை நேரடியாக நடத்தினேன்.*

*3 ஆண்டுத் தணிக்கைகளை எதிர்கொண்டேன். பொறுப்பேற்றபோது கணக்கில் இருந்த 14 பொருள்களின் குறைவை வவுச்சர்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். முழு இருப்பையும் எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைத்தேன்.*

இன்டென்ட் போட்டது வெளியே ‘பொருள் கோரிக்கை’ ஆகிவிடும். பழுதான சாமானைக் கண்டம் செய்தது ‘கழிவு நீக்கம்’. லெட்ஜர் மட்டும் எங்கே போனாலும் லெட்ஜர்தான், அதை மாற்ற வேண்டாம்.

ஆயுதம், தோட்டா எண்ணிக்கையை எழுதாதீர்கள், யூனிட் இருந்த இடத்தையும் எழுதாதீர்கள். கிடங்கு வேலைக்கு அது தேவையில்லை, பாதுகாப்புக்கும் நல்லதில்லை.

குறுக்கே வருகிறேன். இணையத்தில் ஒரு பட்டியல் பார்த்தேன்: ஹவில்தார் என்றால் மேனேஜர், சுபேதார் என்றால் சீனியர் மேனேஜர். அதையே போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியுமே? ராணுவப் பதவியை அடியோடு எடுத்துவிடலாம்.

பாதி சரி. பதவியை வெளியே இருப்பவருக்குப் புரியும்படி மாற்ற வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்தப் பட்டியல் மூப்பை மட்டும் பார்த்துப் போட்டது. மேனேஜர் என்று போட்டால் முதல் கேள்வியே “பட்ஜெட் எவ்வளவு, யாரை வேலைக்கு எடுத்தீர்கள், யாரை நீக்கினீர்கள்?” என்றுதான் வரும். ஹவில்தார் மூன்றையும் செய்திருக்க மாட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலை உறுதியானதும் பின்னணி சரிபார்ப்பு நடக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் ஹவில்தார் என்று இருக்கும், ரெஸ்யூமேயில் மேனேஜர் என்று மட்டும் இருக்கும். நல்ல மனிதர் ஒருவரின் பெயர் அந்த இடத்தில் சந்தேகத்துக்கு உள்ளாவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டையும் எழுதச் சொன்னேன், வேலைப் பெயர் முன்னால், பதவி அடைப்புக்குள்.

மேலே ‘120 பேரை நடத்தினேன்’ என்று நான் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். 120 பேருக்குப் பொருள் கொடுத்தார், நடத்தியது 4 பேரை. இந்த இரண்டையும் குழப்பி எழுதும் ரெஸ்யூமேக்கள் நிறைய வருகின்றன. நேர்காணலில் மூன்றாவது கேள்விக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றேன். 11 வருடம் ஸ்டேஷன் ரைட்டர். என் பையன் ‘ரைட்டர்’ என்று போட்டால் கதை எழுதுபவர் என்று நினைப்பார்கள் என்கிறான். வேறு என்ன போடுவது?

பையன் சொல்வது சரி! ஸ்டேஷனில் ரைட்டர் இல்லாவிட்டால் ஒரு காகிதம் நகராது என்பது ஸ்டேஷனில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஜெனரல் டைரியைத் திறந்து வருகை, டியூட்டி போட்டீர்கள். புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். தயார் செய்தீர்கள். கைப்பற்றிய பொருளை ரிஜிஸ்டரில் ஏற்றினீர்கள். கோர்ட்டுக்குப் போகும் கட்டில் எந்தக் காகிதம் இல்லை என்று பார்த்தீர்கள். தபால் வந்தால் பதில் போட்டீர்கள். வெளியே இதற்கு ‘ஆவணப் பொறுப்பாளர்’, ‘சட்ட ஆவண உதவியாளர்’ என்று பெயர். வழக்கறிஞர் அலுவலகம், காப்பீட்டு நிறுவனங்களின் கிளெய்ம் பிரிவு, வங்கிகளின் சட்டப் பிரிவு எல்லாவற்றிலும் இந்தக் கை தேவை.

‘ஐ.பி.சி. 379, 420 வழக்குகள் கையாண்டேன்’ என்று எழுத வேண்டாம். ஐ.பி.சி.யே 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவாக மாறிவிட்டது. ‘திருட்டு, மோசடி வழக்குகளின் ஆவணங்கள்’ என்றால் யாருக்கும் புரியும். ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை எஃப்.ஐ.ஆர்., கோர்ட்டில் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுகள் எத்தனை என்று நினைவிருந்தால் போடுங்கள். நினைவு இல்லாவிட்டால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். “எப்படிக் கணக்கிட்டீர்கள்?” என்று கேட்டால் பதில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதுங்கள். வழக்கில் வரும் யாருடைய பெயரும் வேண்டாம்.

பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் ‘கூட்டக் கட்டுப்பாடு’ என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் ஆவண வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது கடைசியில் இருக்கட்டும்.

நானும் போலீஸ்தான், இன்ஸ்பெக்டராக ஓய்வு. நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். பதவியை அடைப்புக்குள் தள்ளினால் மரியாதை போய்விடும். செக்யூரிட்டி நிறுவனங்கள் என்னைக் கூப்பிட்டதே ‘இன்ஸ்பெக்டர்’ என்று மேலே இருந்ததால்தான்.

செக்யூரிட்டித் துறைக்கு ஒப்புக்கொள்கிறேன் சார். அங்கே ஆள் எடுப்பவர்களில் பலர் நம் ஆட்கள்தான், பதவியே பேசும். மற்ற துறைகளில் ‘இன்ஸ்பெக்டர்’ என்றால் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவரும் இன்ஸ்பெக்டர்தான். விண்ணப்பம் எங்கே போகிறதோ அதற்கேற்ப இரண்டு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இரண்டு பிரதி வைப்பது நேர்மையா? எனக்கு உடன்பாடில்லை.

தகவல் ஒன்றுதான், வரிசைதான் மாறுகிறது என்று நான் பார்க்கிறேன். நீங்கள் வேறு மாதிரி பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

அப்பா கடற்படையில் கேப்டனாக ஓய்வு பெற்றார். ஒரு நிறுவனத்தில் “கேப்டன்தானே, ஐந்தாறு வருட அனுபவமா?” என்று கேட்டார்களாம். அப்பாவுக்குக் கோபம்.

கோபம் நியாயம்தான். ராணுவ கேப்டன் இளம் அதிகாரி. கடற்படை கேப்டன் ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். பெயர் ஒன்று, படி மூன்று தள்ளி இருக்கிறது. இதை ஹெச்.ஆர். தேடிப் பார்க்க மாட்டார். முதல் வரியிலேயே சர்வீஸ் வருடங்களையும், அப்பா தலைமையேற்ற கப்பலிலோ தளத்திலோ எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஐயா, எனக்கு 17 வருட சர்வீஸ். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பட்டப்படிப்புக்குச் சமம் என்ற சான்றிதழ் எங்கே வாங்குவது?

அது வேறு கேள்வி தம்பி, உங்கள் ரெக்கார்ட் ஆபீசில் கேளுங்கள். ஆனால் ஒன்று: அரசு விண்ணப்பத்தில் நான் மேலே சொன்ன மொழிபெயர்ப்பு எதையும் செய்யாதீர்கள். பதவி, தேதி, டிரேட் எல்லாம் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி அப்படியே இருக்க வேண்டும்.

நான் சிப்பாயாகவே 15 வருடம் முடித்தேன். சி.க்யூ.எம்.ஹெச். இல்லை, ரைட்டர் இல்லை, பொறுப்பு என்று ஒன்றும் கிடையாது. காவல், பேட்ரோல், அவ்வளவுதான். என்ன எழுதுவது?

இங்கே நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். என்னிடம் சுலபமான பதில் இல்லை. ‘குழுவாகப் பணியாற்றும் திறன், ஒழுக்கம்’ என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. அந்த வரி எல்லா ரெஸ்யூமேயிலும் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

பொறுப்பு இல்லை என்கிறீர்கள், நம்ப முடியவில்லை. 15 வருடத்தில் ரேடியோ செட் தூக்கினீர்களா? புது ஆட்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுத்தீர்களா? எந்தக் கோர்ஸ் போனீர்கள்? வண்டி ஓட்டினீர்களா, முதலுதவி பார்த்தீர்களா, சமையலறைக் கணக்கு பார்த்தீர்களா? ஒரு சாதாரண வாரத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை எந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது என்று எழுதி அனுப்புங்கள். இடப் பெயர் வேண்டாம். அதிலிருந்து ஏதாவது எடுக்க முடிகிறதா பார்க்கிறேன்.

கேட்டதும் ஞாபகம் வந்தது. 6 வருடம் ரேடியோ செட் என்னிடம்தான் இருந்தது. பேட்டரி சார்ஜ், ஆன்டெனா, லாக் புக் எல்லாம். அதை வேலை என்று நினைத்ததே இல்லை.

சரி, அங்கிருந்து தொடங்குவோம். லாக் புக்கில் என்னென்ன எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள்.