16 கேள்விகளுக்கு 160 பேர் போதாதா?

"4 மறைமாறிகள், ஒவ்வொன்றுக்கும் 4 கேள்விகள். மூன்று மாறிகள் நான்காவதைத் தீர்மானிக்கின்றன. கேள்விக்குப் 10 பேர் என்று 160 பேரிடம் தரவு எடுத்தேன். போதாது என்கிறார் வழிகாட்டி. ஏன்?"

அந்தப் பத்தைக் கேள்விகளின் எண்ணிக்கையால் பெருக்கியதுதான் சிக்கல். உங்கள் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி, அதாவது SEM, மதிப்பிட வேண்டிய அளவுருக்களை எண்ணுங்கள்: சுமைகள் 12 (மறைமாறிக்கு ஒன்று 1 என நிலைநிறுத்தப்படும்), பிழை மாறுபாடுகள் 16, மூன்று மாறிகளின் மாறுபாடுகள் 3, அவற்றுக்கிடையே இணைமாறுபாடுகள் 3, பாதைகள் 3, எஞ்சிய மாறுபாடு 1. மொத்தம் 38. அளவுருவுக்கு 5 பேர் என்றாலே 190, 10 பேர் என்றால் 380.

R-இன் lavaan-இல் சரிபார்க்கலாம்:

```
fitMeasures(fit, c("npar", "df"))
```

38, 98 என்று வர வேண்டும். npar கூடி df குறைந்தால், நீங்கள் கவனிக்காத இணைமாறுபாடு ஏதோ சேர்ந்திருக்கலாம்.

ஆனால் இந்த விகிதத்தையும் ரொம்ப நம்பாதீர்கள். மறைமாறிக்கு இன்னொரு நல்ல கேள்வி சேர்த்தால் அளவுருக்கள் கூடும், விதிப்படி இன்னும் ஆட்கள் வேண்டும். உண்மையில் அளவீடு வலுவாகி, குறைந்த ஆட்களே போதும் என்றாகலாம். சுமைகள் 0.8 அளவில் இருந்தால் 200 பேரே தாங்கக்கூடும், 0.5 என்றால் தடுமாறும். பிழை மாறுபாடு எதிர்மறையாக வருவது அதன் அடையாளம்.

அதனால் எதிர்பார்க்கும் சுமைகளையும் பாதைகளையும் கொடுத்து simsem-இல் 190, 250, 380 பேருக்கு உருவகப்படுத்திப் பாருங்கள். உங்களுக்கு முக்கியமான, மிகச் சிறிய பாதை 80% முறையாவது பிடிபடும் எண்ணிக்கையே உங்கள் விடை. விடுபட்ட பதில்கள் நிறைய இருந்தாலோ, பதில்கள் ஒரே பக்கம் குவிந்திருந்தாலோ அதையும் உருவகத்தில் சேருங்கள். இல்லையென்றால் எண் குறைவாகத்தான் வரும்.