டை அடித்தபின் முதல் ஷாம்பு: வியர்வையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் டை அடிக்க இருக்கிறேன். மூன்று நாளைக்குத் தலை தோயக் கூடாது என்கிறார்கள். இந்த வெக்கையில் வேர்த்து வழிகிறதே, வியர்வையிலேயே டை கழுவுப்பட்டுப் போகாதா? முதல் ஷாம்பு எப்போது போடலாம்?

பதில்:

கலந்து பூசுகிற நிரந்தரக் கிரீம் டை என்றால் 48 மணித்தியாலம் கட்டாயம், 72 என்றால் நல்லது. வியர்வையில் டை கழுவுப்பட்டுப் போகாது. வேர்க்கிறதே என்று பயந்து நாளுக்கு இரண்டு தரம் தலையில் ஊற்றுகிறீர்களே, டையைக் கொண்டுபோவது அந்தத் தண்ணீர்தான்.

கொண்டாவிலில் வீட்டோடு சேர்த்துச் சின்னப் பார்லர் வைத்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளில்லை. பலர் நினைப்பது, டை மூன்று நாள் தலைமயிரில் ஊறி ஊறித்தான் பிடிக்கும் என்று. அது சரியில்லை. கிரீமும் டெவலப்பரும் கலந்து பூசியதும் அதிலுள்ள அமோனியா மயிரின் வெளிச்செதிலை வீங்க வைத்துத் திறக்கும். சின்னச் சின்னச் சாயத்துணுக்குகள் உள்ளே போய், அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். பெரிதானபின் வந்த வழியால் திரும்பி வருவது அதுக்குக் கஷ்டம். இந்த வேலை பெட்டியில் போட்டிருக்கிற 30, 40 நிமிடத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிடும்.

பிறகு ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்? கழுவியபின்னும் மயிரில் கொஞ்ச நேரத்துக்குக் காரத்தன்மை மிச்சம் இருக்கும், செதில் முழுதாகப் படிந்திருக்காது. அந்த நேரத்தில் திரும்ப நனைத்தால் மயிர் வீங்கும், சரியாகச் சேராமல் கிடந்த துணுக்குகள் வெளியே வரும். பொதுவாகவே முதல் இரண்டு மூன்று கழுவலில் போகிற சாயம்தான் அதிகம். அதனால் டைப் பெட்டியோடு வருகிற சின்ன கண்டிஷனர் பைக்கற்றை வீசாதீர்கள். அது புளிப்புத்தன்மை உள்ளது, திறந்த செதிலைப் படிய வைக்கும். அதை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவியவரின் இரண்டு நாள், அதைப் போடாதவரின் நாலு நாளுக்குச் சமம் என்பது என் கணக்கு.

இதில் ஒரு விதிவிலக்கு. தலைத்தோலில் கடி, எரிச்சல், கண் மடல் வீக்கம், நீர் கசிகிற பரு ஏதும் தெரிந்தால் மணித்தியாலம் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஷாம்பு போட்டு வடிவாகக் கழுவிவிட்டு டொக்டரிடம் போங்கள். கறுப்பு டைகளில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்காகத்தான் டை அடிக்கிறதற்கு 48 மணித்தியாலம் முதலே காதுக்குப் பின்னால் துளி பூசிப் பார்க்கச் சொல்வது. நீங்கள் பத்து வருடமாக அடிப்பவராக இருந்தாலும் பாருங்கள், அந்த ஒவ்வாமை இடையிலும் தொடங்கும்.

அடுத்தது வியர்வை. டை அடித்த அன்று இரவே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியோரத்து மயிரில் அழுத்திப் பிடியுங்கள். துணி துப்பரவாக வந்தால் நீங்கள் எவ்வளவு வேர்த்தாலும் ஒன்றும் வடியாது. துணியில் கறுப்பு வந்தால், மயிரின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச டை அது. பூசிய பிறகு அவசரமாகக் கழுவியிருக்கிறீர்கள். வியர்வையில் கழுத்தால் வழிவதும் தலையணை உறையைக் கறுப்பாக்குவதும் அந்த மிச்சம்தான், உள்ளே போன சாயமல்ல. 'மூன்று நாள் தொடக்கூடாது' என்று அதை வைத்துக்கொண்டு இருப்பது பிழை. ஷாம்பு போடாமல் வெறும் தண்ணீரில், வழிகிற தண்ணீர் தெளியும்வரை அன்றே கழுவிவிடுங்கள். கரைத்துப் பூசுகிற பவுடர் டைகளில் இந்த மிச்சம் கூடுதலாகத் தங்கும். சில பைக்கற்றுகளில் உடனே ஷாம்பு போடச் சொல்லியே இருக்கும். அப்படி இருந்தால் நான் சொல்வதை விடுங்கள், பைக்கற்றைக் கேளுங்கள்.

வியர்வையில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு. சாயத்தை வெளிற வைக்கிற பலம் அதற்கு இல்லை. ஆனால் வேர்த்துக் காய்ந்து, திரும்ப வேர்த்துக் காய்ந்தால் வேரடியில் உப்புப் படியும், மயிர் சொரசொரக்கும், பளபளப்புக் குறையும். சோளகம் அடிக்கிற இந்த மாதங்களில் வியர்வை கெதியாகக் காய்ந்துவிடும். மாரி தொடங்கப் போகிற ஐப்பசிப் புழுக்கத்தில்தான் தலை மணிக்கணக்காக ஈரமாகவே கிடக்கும். ஈரக்காற்றை மயிர் உறிஞ்சி வீங்கும் என்பது உண்மை. ஆனாலும் ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் சாயம் எங்கே போகிறது? ஈரம் தனியே செய்வது கொஞ்சம்தான். ஈரத்தலையோடு வெயிலில் நிற்பதுதான் கூடாது. வெயில் சாயத்துணுக்கை உடைக்கும், நனைந்த மயிரில் அது இன்னும் சுலபமாக நடக்கும். செம்பு, பேர்கண்டி மாதிரி சிவப்பு நிறங்களில் முதலில் தெரியும், கறுப்பில் பிந்தித்தான் தெரியும்.

போன வருடம் வந்த ஒரு ரீச்சரைச் சொல்கிறேன். வயது ஐம்பதுக்குக் கிட்ட, பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போகிறவர். இயற்கைக் கறுப்பு அடித்துவிட்டோம். பத்தாம் நாள் வந்து, "ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து வேர்த்து உங்கட டை போட்டுது" என்றார். பார்த்தால் உச்சியும் பின்னந்தலையும் நல்ல கறுப்பு. இரண்டு காதுக்கு முன்னால், விரல் அகலத்துக்கு மட்டும் செம்பட்டை. ஹெல்மெட்டுக்குள் வேர்ப்பது உச்சியிலும்தானே? வியர்வைதான் காரணமென்றால் முழுத்தலையிலும் தெரிய வேண்டும். "முகம் எத்தனை தரம் கழுவுவீங்கள் ரீச்சர்?" என்று கேட்டேன். காலையில், பாடசாலையில் இரண்டு தரம், வந்து ஒருக்கா, விளக்கு வைக்க முதல் ஒருக்கா. ஐந்து தரமும் சவுக்காரம். நுரையை அப்படியே காதடிவரை தேய்க்கிறவர். சவுக்காரம் காரம், டை பூசும்போது திறந்த அதே செதிலை அதுவும் திறக்கும். அதோடு நெற்றியோர நரை தடிப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும், முதலிலேயே சாயத்தை அரைகுறையாகத்தான் எடுத்திருக்கும். அடுத்த தரம் அந்த இடத்தில் முதலில் பூசி, கழுவும்போது கடைசியில் கழுவினோம். முகம் கழுவும்போது துணி பாண்ட் ஒன்றால் மயிரைப் பின்னுக்கு ஒதுக்கச் சொன்னேன், சவுக்காரத்தைக் கன்னத்தோடு நிறுத்தச் சொன்னேன். ஹெல்மெட்டை நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. நாலு கிழமை இருந்தது.

நம் ஊரில் இன்னொரு விஷயம், கிணற்றுத் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல்தான் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு மயிரிலும் படியும். சவுக்காரம் போட்டால் இரண்டும் சேர்ந்து பிசுக்காகவே ஒட்டும். நிறம் மங்கித் தெரிந்ததும் டை போய்விட்டது என்று திரும்ப அடிக்க ஓடி வருவார்கள். நான் முதலில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, ஒரு கற்றையை மட்டும் அலசிக் காயவிடுவேன். அந்தக் கற்றை மினுங்கினால் டை பத்திரமாக இருக்கிறது, மேலே படிந்ததுதான் பிரச்சினை. அலசியும் செம்பட்டையாகவே இருந்தால் சாயம் உண்மையாகவே போயிருக்கிறது. வேரடியில் கோடு கிழித்த மாதிரி வெள்ளை தெரிந்தால் அது இரண்டும் இல்லை, புதிதாக முளைத்தது. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் முளைக்கும், அதற்கு எந்த டையும் பொறுப்பல்ல.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கொடியேற்றத்துக்கு நாலு நாள் முதல், பின்னேரம் அடியுங்கள். அடுத்த மூன்று நாளும் தலையை முடிந்து கட்டிக்கொண்டு கழுத்துக்குக் கீழே குளியுங்கள். தலை புழுங்கினால் துவாயை நனைத்துப் பிழிந்து வேரடியை ஒத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அடுப்படியில் நிற்பதும் சைக்கிள் ஓடுவதும் பரவாயில்லை, வேர்த்தால் வேர்க்கட்டும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை முதல் ஷாம்பு. சல்பேற் இல்லாதது கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீரோடு கரைத்து வேரடியில் மட்டும் போடுங்கள், நுனிக்கு வழிகிற நுரையே காணும்.

பிறகு 25 நாளும் தோய்ந்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவீர்கள், அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் ஷாம்பு வேண்டாம், நாலு நாளுக்கு ஒருக்காப் போடுங்கள். மற்ற நாளில் வெறும் தண்ணீர், அதுவும் ஊற வைக்காமல் இரண்டு மூன்று வாளி. தோய்வதற்கு அரை மணித்தியாலம் முதல் மயிரின் நீளத்துக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் மயிர் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும், வீக்கமும் குறையும். சீயாக்காயும் அரப்பும் சவுக்காரம் மாதிரிக் காரமில்லை, ஆனாலும் நல்லாய் உரித்தெடுக்கும். அவற்றைத் திருவிழா முடியும்வரை தள்ளி வையுங்கள். கிழமைக்கு ஒருக்கா அந்த வினாகிரித் தண்ணீரைக் கடைசி அலசலாக ஊற்றுங்கள். தலையைத் துவட்டிக் காயவிட்டுத்தான் வெயிலில் இறங்குங்கள்.

24ஆம் நாள் தேருக்கு வகிட்டில் ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட வெள்ளை நிற்கும். அதைக் கண்டு அந்தக் கிழமையில் திரும்ப டை அடிக்க வேண்டாம், மயிருக்கும் தோலுக்கும் இடைவெளி வேணும். வகிட்டைக் கொஞ்சம் பக்கத்துக்கு மாற்றிச் சீவி, மல்லிகைச் சரத்தை வழமையைவிட ஒரு விரற்கடை முன்னுக்குக் குத்துங்கள்.