கொசுறு வேலைக்கும் கூலி உண்டு

வணக்கம் அம்மா. மகள் ஒரு துணிக்கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மாதம் 8,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்கிறாள், ராத்திரி 11 மணிக்கும் போனைக் கீழே வைக்க முடியவில்லை, விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லவா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கடையில் பேசிய வேலை மாதம் 4 ரீல்ஸ், 8 போஸ்டர், தினமும் வரும் கேள்விகளுக்குப் பதில். ஒரு ரீலுக்குப் படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் என்றால் 16. போஸ்டருக்கு ஒன்றரை மணி வீதம் 12. பதில் சொல்ல தினம் அரை மணி, 26 நாளுக்கு 13. திட்டமிடவும் மாதக் கடைசி அறிக்கைக்கும் 5. ஆக 46 மணி நேரம். இதற்கே மணிக்கு 174 ரூபாய்தான் வருகிறது.

அப்புறம் கொசுறு. "அந்தக் கலரை மட்டும் மாத்தும்மா", "வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒண்ணு போட்டுக் கொடு", "மச்சான் கடைக்கும் ஒரு போஸ்டர்". எல்லாம் பத்து நிமிட வேலை போலத்தான் தெரியும். மகள் எழுதி வைத்தால் மாதம் 70 மணி நேரத்தைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. அப்போது மணிக்கு 114 ரூபாய். அவளைக் களைப்பாக்குவது இந்தக் கொசுறுதான்.

விலையை அவள் இப்படிப் போடட்டும். கையில் மாதம் 30,000 வேண்டும். கடை தேடுவது, கற்றுக்கொள்வது போக, காசு வரும் வேலைக்கு 100 மணி நேரம்தான் மிஞ்சும். மணிக்கு 300. 46 மணிக்கு 13,800, செயலிச் சந்தா, பயணத்துக்கு 1,200, மொத்தம் 15,000. இது மாதாமாதம் முன்கூட்டியே வாங்கும் ரீடெய்னர். ஒரு போஸ்டருக்கு இரண்டு திருத்தம், அதற்குமேல் தனிக் காசு, ராத்திரி 7 மணிக்குப் பிறகு பதில் மறுநாள் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். விளம்பரத்துக்குக் கட்டும் பணம் கடைக்காரரின் கார்டிலிருந்தே போகட்டும். அவள் கையிலிருந்து கட்டினால் திரும்ப வாங்குவதே ஒரு வேலையாகிவிடும்.

ஆடித் தள்ளுபடியையும் தீபாவளியையும் ரீடெய்னருக்குள் திணிக்கவே கூடாது. அந்த இரண்டு வாரம் தினமும் ரீல்ஸ் கேட்பார்கள். அதைத் தனி புராஜெக்டாக, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு செய்யட்டும்.

இப்போதுள்ள கடையில் எடுத்த எடுப்பில் 15,000 கேட்டால் முகம் மாறும். ஒரு மாதம் என்ன வேலை, எத்தனை மணி என்று நோட்டில் குறித்து, அதைக் காட்டி இரண்டு வழி சொல்லட்டும்: அதே 8,000 ரூபாய்க்கு 2 ரீல்ஸ், 6 போஸ்டர், பதில் சொல்வது கடையின் பொறுப்பு, அல்லது முழு வேலைக்கு 15,000. பல கடைக்காரர்கள் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறோம் என்று உணர்கிறார்கள்.

இரண்டுக்கும் மறுத்தால் ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகட்டும். வங்கித் தேர்வு பற்றி அதற்குப் பிறகு மூவரும் உட்கார்ந்து பேசுவோம். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.